பின்மதிலில் புள்ளிப் பூனை: கொழும்பில் சதுப்போரம் குடிவருபவர்களுக்கு

பத்தரமுல்லை, தலவத்துகொட, ராஜகிரிய, கொலன்னாவ, நாவல பக்கம் வீடு எடுத்து வருகிறவர்களுக்குக் கொஞ்ச நாளில் ஒரு வீடியோ வந்து சேரும். ஒழுங்கையின் வட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருப்பார்கள். இரவு இரண்டு மணி, சாம்பல் நிறப் படம், மதிலடியில் ஒரு பெரிய பூனை மாதிரி ஒன்று, கண் இரண்டும் வெள்ளையாக மின்னும். கீழே சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே கேள்வி: சிறுத்தையா? அடுத்த நாள் பிள்ளைகளை முற்றத்தில் இறக்கலாமா என்று அம்மாமார் யோசிப்பார்கள்.

கொழும்பில் காடு எங்கே என்று கேட்கலாம். வீட்டுக்குப் பின்னால் வெல் ஆத்தா மரங்கள் நெருங்கி வளர்ந்து, சம்புப்புல் ஆளுயரத்துக்கு நிற்கிற அந்தச் சதுப்புதான் இங்கே காடு. தியவன்னா ஓயாவைச் சுற்றியும் கால்வாய்கள் வழியாகவும் இந்தச் சதுப்புகள் ஒன்றோடொன்று தொடுத்துக் கிடக்கின்றன. 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததும் இவற்றால்தான். அங்கே வாழ்கிற மிகப் பெரிய பூனை மீன்பிடிப் பூனை. உங்கள் மதிலில் வந்தது அநேகமாக அதுதான், இல்லாவிட்டால் மரநாய். இரண்டுமே பிள்ளைகளை இரையாகப் பார்க்கிற விலங்குகள் அல்ல. ஆனால் கோழி, வளர்ப்பு மீன், வீட்டுப் பூனை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், வந்தது எது?

பக்கத்து வீட்டுச் சிங்கள ஆன்ட்டி "திவியா" என்றால் அவசரப்பட வேண்டாம். சிங்களத்தில் சிறுத்தை திவியா, மீன்பிடிப் பூனை ஹந்துன் திவியா. பேச்சில் முன்பாதி விழுந்துவிடும், பாதிப் பீதி அங்கேதான் தொடங்குகிறது. எதைப் பார்த்தார் என்று கேளுங்கள், முக்கியமாக வாலைப் பற்றிக் கேளுங்கள்.

மீன்பிடிப் பூனைக்கு வால் குட்டை, உடம்பின் பாதி நீளம்கூட வராது. தலை பெரிது, காது சின்னதாக, வட்டமாக இருக்கும். கட்டை குட்டையான கால்களோடு தரையில் பாரமாக நடக்கும். சாம்பல் கலந்த பழுப்பு ரோமத்தில் கரும்புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடும். மரநாய்க்கு வால் உடம்பளவு நீளம், முகம் கூர்மை, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. கூரையில் நடமாட்டம், சீலிங்குக்குள் உருட்டல் கேட்டால் மரநாய் என்றே முதலில் நினையுங்கள். நரி பார்வைக்கு மெல்லிய கால் கொண்ட நாய் மாதிரி. அடர்ந்த வாலின் நுனி கறுப்பு. நகரச் சதுப்பை விட வயலும் ரப்பர்த் தோட்டமும் உள்ள ஊர்ப்பக்கத்தில்தான் அதை எதிர்பார்க்கலாம். சிறுத்தைக்கு வால் நீளம், நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். உடம்பில் தனிப்புள்ளிகளுக்குப் பதிலாக, உள்ளே நிறம் நிரம்பிய வளையங்கள் இருக்கும். அது மலைநாட்டிலும் உலர்வலயக் காடுகளிலும் வாழ்கிற விலங்கு. தியவன்னாச் சதுப்பு அதன் இடம் அல்ல.

இரவுக் கெமரா இந்த அடையாளங்களில் பாதியைத் தின்றுவிடும். அகச்சிவப்பு வெளிச்சத்தில் புள்ளிகள் வெளிறிப் போகும். அகலக் கோணக் கண்ணாடி, கெமராவுக்குக் கிட்ட வந்த எதையும் ஊதிக் காட்டும். வீட்டுப் பூனைகூடக் கிட்ட வந்தால் பயங்கரமாகத்தான் தெரியும். இதற்கு ஒரே மருந்து அளப்பது.

தலவத்துகொடையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவன், மனைவி, நாலு வயது மகள், கணவனின் அம்மா. ஒரு பூனை, ஐந்து கோழி, சிறிய சீமெந்துத் தொட்டியில் கொய் மீன்கள். பின்மதிலுக்கு அப்பால் சதுப்பு. இரண்டு இரவுகளில் இரண்டு கோழி போனது, மூன்றாவது இரவு கெமராவில் ஒன்று அகப்பட்டது. அது மதிலடியை ஒட்டியே நடந்து போயிருந்தது, மதிலோ பூசாத புளொக் கல் மதில். அளக்க இதைவிட நல்ல அடிமட்டம் கிடைக்காது. சாந்தோடு சேர்த்தால் ஒரு புளொக் கல்லின் உயரம் சுமார் 8 அங்குலம், நீளம் சுமார் 16 அங்குலம். படத்தை நிறுத்திக் கற்களை எண்ணினோம். தோள் இரண்டாவது வரிசையின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது, ஆகவே 15 அங்குலம் அளவு. மூக்கிலிருந்து வாலடி வரை இரண்டு கல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு, 30 அங்குலம் என்று வைக்கலாம். வால் ஒரு கல் நீளம்கூட இல்லை. இந்த மூன்று அளவும் சேர்ந்தால் வளர்ந்த மீன்பிடிப் பூனை. வளர்ந்த சிறுத்தை என்றால் தோள் மூன்றாவது வரிசையின் மேல்விளிம்பை எட்டியிருக்கும், வால் கிட்டத்தட்ட இரண்டு கல் நீளம் வந்திருக்கும்.

உங்கள் மதில் பூசிய மதில் என்றால், அல்லது விலங்கு மதிலை விட்டு விலகி நடந்திருந்தால், காலையில் அது நின்ற அதே இடத்தில் ஒரு வாளியை வைத்து அதே கெமராவில் பாருங்கள். வாளியின் உயரம் உங்களுக்குத் தெரியும், மிச்சம் எளிய கணக்கு. முற்றத்தின் வேறு இடத்தில் வாளியை வைத்தால் கணக்கு பிழைத்துவிடும், காலடி பட்ட இடத்திலேயே வைக்க வேண்டும்.

கெமரா இல்லாவிட்டால் சேற்றைப் பாருங்கள். தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுங்கள். பூனை இனத்தின் தடத்தில் நகம் பதியாது, நாயின் தடத்தில் பதியும் என்று எல்லோரும் சொல்வார்கள். மீன்பிடிப் பூனையிடம் அந்தச் சட்டம் சரிவராது. அதன் நகங்கள் முழுதாக உள்ளே இழுபடாதவை, ஈரச் சேற்றில் நகநுனி பதிந்துவிடும். நகம் தெரிந்ததும் "நாய்தான்" என்று விட்டுவிட்டால் கோழிக்கூட்டைத் திறந்து போட்ட மாதிரி ஆகிவிடும்.

கண்ட இரவில்

உள்ளே இருந்தால் உள்ளேயே இருங்கள். வெளியே பிள்ளையோ பூனையோ நாயோ இருந்தால் உள்ளே எடுங்கள், பின்கதவைப் பூட்டுங்கள், முற்றத்து விளக்கைப் போடுங்கள். டோர்ச் எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்து போய்ப் படம் பிடிக்க வேண்டாம். முற்றத்தில் நேருக்கு நேர் கண்டால் ஓடாமல், அதன் மேல் கண்ணை வைத்தபடி கதவை நோக்கிப் பின்வாங்குங்கள். அது தப்பிப் போகிற வழியில் மட்டும் நிற்காதீர்கள். காட்டுப்பூனை எதுவும் கடிக்கிறது என்றால், பெரும்பாலும் மூலையில் அகப்பட்டுப் போனதால்தான் கடிக்கிறது.

அந்த வீட்டில் மாமி உடனே வழி சொன்னார். "வெடி ரெண்டு கொளுத்திப் போடு தம்பி, இந்தப் பக்கமே வராது." மகன், "அம்மா, பேசாம இருங்கோ" என்றார். மகன் சொன்னது சரி. வெடிச் சத்தத்துக்கு ஓடிய விலங்கு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. றோட்டுப் பக்கம் பாய்ந்தால் வாகனத்தில் அடிபடும். கொழும்பு மீன்பிடிப் பூனைகளுக்குப் பெரிய எமன்களில் ஒன்று இரவு வாகனங்கள். கூட்டில் கோழி இருக்கும் வரை அது அடுத்த வாரமும் வரும். துரத்துவது ஒரு இரவுக்கு உதவும், அவ்வளவுதான்.

அடுத்த நாள்: அது ஏன் வந்தது?

மதிலை உயர்த்துவதில் பணத்தைப் போட வேண்டாம். மீன்பிடிப் பூனை நன்றாக ஏறும், நன்றாக நீந்தும், வடிகான் குழாய் வழியாகவும் வரும். பணத்தையும் நேரத்தையும் அது தேடி வந்த சாப்பாட்டை மூடுவதில் போடுங்கள். அநேகமான வீடுகளில் அது மூன்று இடத்தில் கிடைக்கும்: கோழிக்கூடு, மீன்தொட்டி, குப்பை.

கோழிக்கூடு. அந்த வீட்டில் இருந்தது அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிக்கம்பி வலை. அந்த வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், வேறொன்றை வெளியே வைத்திருக்காது. பலமான விலங்கு அதைக் கிழிக்கும். கிழிக்க முடியாவிட்டாலும், தூங்குகிற கோழி வலையோரம் சாய்ந்திருந்தால் காலையோ தலையையோ கண் வழியாகப் பிடித்து இழுக்கும். காலையில் கூடு கிழியாமல், கோழி தலையில்லாமல் கிடந்தால் நடந்தது இதுதான்.

நாங்கள் செய்தது இப்படி. பழைய வலையைக் கழற்றிவிட்டு, ஹாட்வெயார் கடையில் வாங்கிய தடித்த வெல்ட் மெஷ் அடித்தோம். கண் அரை அங்குலம், ஓரங்களில் பிரேமோடு திருகாணியும் வாசரும். சும்மா ஆணி வளைத்து அடித்தால் அது ஒரு இழுவைக்கு வந்துவிடும். தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு மெஷ்ஷின் மேல் பலகை அறைந்தோம், கோழி படுக்கும் இடம் வெளியே தெரியாதபடி. அப்புறம் கூட்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு அதே மெஷ்ஷை வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து, கூட்டின் அடியோடு கம்பியால் கட்டி, மேலே கல் பரப்பினோம். தோண்ட வருகிற விலங்கு கூட்டின் சுவரடியில்தான் தோண்டும். அங்கே காலுக்குக் கீழே கம்பி அகப்பட்டால் இரண்டடி பின்னால் போய்த் தோண்டிப் பார்க்க அதற்குத் தோன்றாது. கூரைக்கும் தகரமோ மெஷ்ஷோ வேண்டும். கதவில் கம்பிக் கொக்கி மட்டும் இருந்தால் போதாது, தட்டத் தட்டக் கழன்றுவிடும். கொண்டி போட்டு அதில் ஒரு சின்னப் பூட்டோ திருகு வளையமோ மாட்டுங்கள்.

இவ்வளவும் செய்து, மாலையில் கூட்டை மூட மறந்தால் வீண். கொழும்பில் வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்குள் பொழுது விழும். ஆறு மணிக்குக் கோழி உள்ளே என்று ஒருவருடைய பொறுப்பில் விடுங்கள். "யாராவது பார்ப்பார்கள்" என்று விட்ட நாளில்தான் கோழி போகும். பட்டப்பகலில் கோழி போனால் பூனையைத் திட்டாதீர்கள், கீரியை யோசியுங்கள்.

மீன்தொட்டி. கொய் மீன் பளபளவென்று மேலே நீந்தும், தொட்டி ஆழமில்லை, ஓரம் சரிவு. மீன்பிடிப் பூனைக்கு இதைவிட வசதி தேவையில்லை. ஓரத்தில் குந்தியிருந்து தட்டி எடுக்கும். தொட்டியின் மேல் நைலோன் மீன்வலையை இழுத்துக் கட்டுவதுதான் எல்லோரும் செய்கிற வேலை. அதை மட்டும் செய்யாதீர்கள். பூனையோ கபரகொய்யாவோ அதில் சிக்கினால், விடிகாலையில் ஆத்திரத்தோடு இருக்கிற ஒரு விலங்கை உங்கள் முற்றத்தில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். மரச் சட்டத்தில் வெல்ட் மெஷ் அடித்து, மூடி மாதிரி இரவில் மட்டும் வையுங்கள். நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த மூடி பகலிலும் இருக்கட்டும், அது வேறு ஆபத்துக்கு. தண்ணீரின் அடியில் ஆறு அங்குல பீவிசி குழாய்த் துண்டு இரண்டு போட்டால் மீன் அதற்குள் ஒளியும்.

குப்பை. சனிக்கிழமை சந்தைக்குப் போய் மீன் வாங்கி, தலையும் குடலும் பையில் கட்டிப் பின்பக்கம் வைத்து, குப்பை வண்டி திங்களோ செவ்வாயோ வரும் என்று இருந்தால், இரண்டு மூன்று இரவுகள் முழுச் சதுப்புக்கும் அழைப்பு விட்டதாகிவிடும். மீன் கழிவைப் பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு பிரீசரில் வையுங்கள், வண்டி வரும் காலையில் வெளியே எடுங்கள். வீட்டுக்காரிக்கு முதலில் அருவருப்பாக இருந்தது, பிறகு நாற்றம் இல்லை என்பதற்காகவே தொடர்ந்தார். நாய், பூனைச் சாப்பாட்டுக் கோப்பையையும் இரவில் வெளியே விடாதீர்கள். அதற்கு எலி வரும், எலிக்குப் பின்னால் மற்றவை வரும். எலி வருகிறதே என்று நஞ்சு வைக்கவும் கூடாது. நஞ்சு தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடித் திரியும். அதை உங்கள் பூனையே பிடித்துத் தின்னலாம்.

வீட்டுப் பூனையும் நாயும்

மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை பூனை வீட்டுக்குள். பழகாத பூனை முதல் வாரம் கத்தும், கதவைக் கீறும். சாப்பாட்டை மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குள் மட்டும் கொடுத்தால் தானாகவே வரப் பழகும். நாயைப் பின்வளவில் சங்கிலியில் கட்டிப் போடுவது காவல் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டிய நாயால் ஓடவும் முடியாது, ஒழுங்காகச் சண்டை போடவும் முடியாது. கட்டாத நாய் சதுப்புக்குள் புகுந்து தேடிப் போகும். கடித்துக்கொண்டு வந்தால் யாரிடமிருந்து என்ன நோய் யாருக்குத் தொற்றியது என்று தெரியாது. இரவில் உள்ளேயோ, நாலுபக்கமும் அடைத்த கூட்டிலோ இருக்கட்டும். வெளியே கூட்டிப் போகும்போது கயிற்றில் இருக்கட்டும்.

தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். விசர்நாய்க்கடி நோய்க்கான ஊசி நாய், பூனை இரண்டுக்கும் ஆண்டுதோறும் வேண்டும். நாய்க்கு டிஸ்டெம்பர் ஊசியும் போடுங்கள். அந்த நோய் நாயோடு நிற்காது, காட்டு விலங்குகளுக்கும் பரவும். ஊசி போட்ட நாயாக இருந்தாலும், காட்டு விலங்கோடு சண்டை பிடித்துக் காயப்பட்டால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மறுபடி ஊசி தேவைப்படும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது

"புலி வந்து பிடித்துக்கொண்டு போகும்" என்று சொல்லி அடக்காதீர்கள். பயந்த பிள்ளை விலங்கைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடும், அதுதான் நமக்கு வேண்டாத ஒன்று. நாலு வயதுக்குப் புரிகிற மாதிரி மூன்று வேலை சொல்லுங்கள்: நில், "அம்மா" என்று கூப்பிடு, பின்னால் பின்னால் நட. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அப்பா பூனையாக நடித்து, சோபாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து வந்து பழக்கினார். பிள்ளை சிரித்துச் சிரித்து நாலைந்து தரம் செய்தது, பிறகு மறக்கவில்லை. மாமிக்கும் அதையே பழக்கினார்கள், அவர் பின்னால் நடக்க மறுத்துவிட்டார்.

வீட்டுச் சட்டங்கள் இரண்டு போதும். பொழுதுபட்ட பிறகு சின்னப் பிள்ளை பின்முற்றத்தில் தனியாக இருக்கக் கூடாது. பந்து மதிலுக்கு அப்பால் விழுந்தால் பெரியவர்தான் எடுக்க வேண்டும், அதுவும் பகலில். உண்மையைச் சொன்னால் இந்த இரண்டாவது சட்டம் பூனைக்காக அல்ல. அந்தச் சதுப்பில் பாம்பு இருக்கிறது, தியவன்னாவில் முதலையும் இருக்கிறது. நீரோரத்தில் தனியே நிற்கிற பிள்ளைக்கு அவைதான் பெரிய ஆபத்து. எல்லோரும் பூனையையே பேசிக்கொண்டிருப்பதால் இது மறந்து போகிறது.

புல் வெட்டும்போது, சதுப்போரத்தைத் துப்புரவு செய்யும்போது சில நேரம் பூனைக்குட்டி மாதிரிப் புள்ளி போட்ட குட்டிகள் அகப்படும். பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். தாய் விட்டுப் போன அநாதைகள் என்று நினைத்துப் பால் வைக்கத் தொடங்குவார்கள். தாய் பெரும்பாலும் கிட்டத்தான் இருக்கும், மனிதச் சத்தம் ஓயக் காத்திருக்கும். எடுத்த இடத்திலேயே வைத்து, வேலையை நிறுத்தி, எல்லோரும் அங்கிருந்து போய்விடுங்கள். நாயைக் கட்டுங்கள். அடுத்த நாள் காலையிலும் அதே இடத்தில் கிடந்தால், அல்லது காயம் இருந்தால், வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தைக் கூப்பிடுங்கள். குட்டியோடு இருக்கிற தாய்ப்பூனையைத்தான் நான் உண்மையிலேயே கிட்டப் போகாதே என்று சொல்வேன்.

கராஜுக்குள் அகப்பட்டால்

கோழிக்கூட்டிலோ கராஜிலோ வெளிக் குளியலறையிலோ அது மாட்டிக்கொண்டால், முதல் வேலை ஆட்களைக் கலைப்பது. அயலவர் பத்துப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வரை அது வெளியே வராது. வெளிப்பக்கக் கதவை முழுதாகத் திறந்து ஒரு கல்லால் முட்டுக் கொடுங்கள், உள்விளக்கை அணையுங்கள், நாய்களை அடையுங்கள், எல்லோரும் வீட்டுக்குள் போங்கள். பொழுது பட்டதும் தானாகப் போய்விடும். கதவடித் தரையில் கொஞ்சம் மாவைத் தூவி வைத்திருந்தால், போனதா இல்லையா என்று காலையில் தடம் சொல்லும்.

போக வழியில்லாமல் கிணற்றில் விழுந்திருந்தால், காயப்பட்டிருந்தால், கம்பிச் சுருக்கில் மாட்டியிருந்தால், நீங்கள் இறங்க வேண்டாம். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் இலக்கம் 1992. இடம், பக்கத்தில் தெரிகிற அடையாளம், விலங்கு மாட்டியிருக்கிறதா காயப்பட்டிருக்கிறதா, இவற்றை முதலில் சொல்லுங்கள். தமிழில் பேசுகிறவர் அந்த நேரத்தில் கிடைக்காவிட்டால் இந்த வசனம் உதவும்: "கெதர கராஜ் எகே ஹந்துன் திவியெக் ஹிர வெலா இன்னவா." காயப்பட்டிருந்தால் "துவால வெலா" என்று சேருங்கள். ஹந்துன் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சிறுத்தைக்கு வருகிற ஆயத்தமும் இதற்கு வருகிற ஆயத்தமும் ஒன்றல்ல.

கூண்டு வைத்துப் பிடித்து, எங்காவது தூரத்தில் கொண்டுபோய் விடலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். மீன்பிடிப் பூனை 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடிப்பதும் கொண்டுபோவதும் குற்றம். அதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், காலியான இடத்துக்கு அடுத்த பூனை வரும், கோழிக்கூடு அப்படியே இருக்கும்.

கடித்தால், கீறினால்

இதில் மட்டும் யோசிக்க நேரம் எடுக்கக் கூடாது. பூனையோ நரியோ கீரியோ மரநாயோ எதுவானாலும், கடியோ கீறலோ இருந்தால், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், பயத்தில் இரண்டு நிமிடம் பதினைந்து மாதிரித் தோன்றும். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். பிறகு அன்றைக்கே அரச மருத்துவமனை. பிள்ளை என்றால் பொரளை ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை, பெரியவர் என்றால் தேசிய வைத்தியசாலை. ஆம்புலன்ஸ் தேவை என்றால் 1990. விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி அரச மருத்துவமனைகளில் இலவசம்.

"பூனை நல்லாத்தானே ஓடிச்சுது, நோய் இருக்காது" என்று காத்திருப்பவர்கள் உண்டு. வீட்டு நாய் கடித்தால் அதைக் கட்டிவைத்துப் பதினான்கு நாள் பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்லக் கூடும். காட்டு விலங்கை அப்படிப் பார்க்க முடியாது, அதனால் ஊசி தொடங்கியே ஆக வேண்டும். அறிகுறி வந்த பிறகு இந்த நோய்க்கு மருந்து இல்லை. பட்டப்பகலில் பயமே இல்லாமல் கிட்ட வருகிற, தள்ளாடுகிற, கண்டதையும் கடிக்கிற நரியோ கீரியோ கண்டால், பிள்ளைகளையும் பிராணிகளையும் உள்ளே எடுத்துவிட்டு 1992க்கு அறிவியுங்கள்.

மலைநாட்டுக்குப் போகும்போது

கொழும்பில் உள்ள எங்களில் பலருக்கு ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் சொந்தக்காரர் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே அனுப்புவோம். மேலே சொன்னவற்றை அப்படியே அங்கே எடுத்துக்கொண்டு போகக் கூடாது. தேயிலை மலைகளில் உண்மையான சிறுத்தை நடமாடுகிறது. லயத்தோரம் அது தேடுகிற இரை முக்கியமாக நாய். நாய் வெளியே படுத்தால் சிறுத்தை வாசல் வரை வரும். ஆகவே போன வீட்டில் நாய் இருந்தால், முதல் மாலையே அது எங்கே படுக்கிறது என்று மாமாவிடமோ சித்தப்பாவிடமோ கேளுங்கள். பிள்ளை படுக்கும் அறை வாசல்தான் அதன் இடம் என்றால், இடத்தை மாற்றச் சொல்லுங்கள், அல்லது உள்ளே கட்டச் சொல்லுங்கள்.

இருட்டிய பிறகு பிள்ளையைத் தனியே வெளிக் கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள். டோர்ச்சோடு ஒரு பெரியவர் கூடப் போகட்டும், பேசிக்கொண்டே போகட்டும். மலை வழியில் சிறுத்தையைக் கண்டால் குனியக் கூடாது, குந்தக் கூடாது, ஓடவே கூடாது. சின்னப் பிள்ளையை முழங்காலை மட்டும் மடித்து, முதுகை நிமிர்த்தி வைத்தே தூக்கிக்கொண்டு, மறு கையை உயர்த்தி உரத்துப் பேசியபடி மெல்லப் பின்வாங்குங்கள். பெரும்பாலும் உங்களுக்கு முன் அதுவே போய்விடும். தோட்டத்தில் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் பார்க்கப் போகிற கூட்டத்தில் பிள்ளையோடு சேராதீர்கள். சுருக்கு இடுப்பில் இறுகிய சிறுத்தை கம்பியை அறுத்துக்கொண்டு பாய்ந்தால் முன்வரிசையில் நிற்பவர்தான் அகப்படுவார். அங்கேயும் இலக்கம் 1992தான்.